மாவடு ஜாடியின் வெளிப்புறத்தில் உப்புப் பூக்கிறது: கண்ணாடிக்கு மாறுவதா, ஃபுட் கிரேடு பிளாஸ்டிக் போதுமா?

திருவையாறு_கமலா

பங்குனியில் இரண்டு கிலோ மாவடு போட்டேன். கிலோவுக்கு 175 கிராம் கல்லுப்பு. விளக்கெண்ணெயில் புரட்டி, மஞ்சள்தூள், கடுகுப்பொடி, மிளகாய்த்தூள் சேர்த்தது. வைத்திருப்பது ஐந்து லிட்டர் பீங்கான் ஜாடியில். தோள் வரை பழுப்பு, அதற்குக் கீழே வெள்ளை. சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில் வாங்கினேன். வடு நன்றாகச் சுருங்கி, உப்புத் தண்ணீர் விட்டு, வாசனையும் சரியாகவே இருக்கிறது.

இப்போது ஜாடியின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெளிப்புறத்தில் மாவு தூவியது போல வெள்ளையாகப் பூக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது, சில நாளில் மறுபடியும் வருகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புத்தான். ஜாடி நிற்கும் கடப்பைக் கல்லிலும் வட்டமாக வெள்ளைத் தடம். உள்ளே தண்ணீர் குறைந்து, மேலே இருக்கும் வடுக்கள் தலைகாட்டுகின்றன. இரண்டு முறை உப்புத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து ஊற்றிவிட்டேன்.

கண்ணாடி ஜாடிக்கு மாற்றலாமா, அல்லது ஃபுட் கிரேடு என்று எழுதிய பிளாஸ்டிக் டப்பா போதுமா? உப்பும் புளிப்பும் சேர்ந்தால் எதை அரிக்கும், எதை அரிக்காது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரியகுளம்_சுந்தரம்

அம்மா, பயப்பட ஒன்றுமில்லை. வாயில் வேடு கட்டியிருப்பீர்கள். துணி உப்புத் தண்ணீரை உறிஞ்சி வெளியே வழியவிடும். வழிந்தது காய்ந்தால் பூத்தது போலத்தான் தெரியும். துணியை மாற்றிக் கட்டுங்கள். ஜாடியின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறமே சூளையில் உப்பை எறிந்து சுட்டதால் வருவது. உப்பிலேயே பிறந்த பாத்திரத்தை உப்பு என்ன செய்யும்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரே ஜாடிதான். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கடைக்காரனுக்கு வசதி, ஊறுகாய்க்கு அல்ல.

சூளையடி

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுந்தரம் ஐயா சொன்னதில் பாதி சரி. உப்பு எறிந்து சுடும் முறை உண்மைதான். சூளை 1200 டிகிரிக்கு மேல் இருக்கும்போது உப்பைப் போட்டால், அதிலுள்ள சோடியம் ஆவியாகிக் களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து, மேலே கண்ணாடித் தோல் ஒன்று படியும். ஆரஞ்சுத் தோல் போலச் சிறுசிறு குழிகளோடு இருக்கும், தடவினால் தெரியும். ஆனால் கடையில் வாங்கும் பழுப்பு ஜாடி பெரும்பாலும் அப்படிச் செய்ததல்ல. இரும்புச் சத்துள்ள மண்குழம்பில் தோள் வரை முக்கியெடுத்து, மற்ற பகுதிக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். எந்த வெப்பத்தில் சுட்டார்கள் என்பதை அந்தப் பழுப்பு நிறம் சொல்லாது.

கமலா அம்மா, ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளை எங்கிருந்து தொடங்குகிறது? துணி வழியாக வழிந்ததென்றால் விளிம்பில் தொடங்கிக் கோடாகக் கீழே இறங்கியிருக்கும். விளிம்பும் தோளும் சுத்தமாக இருந்து, இடுப்புக்குக் கீழே மட்டும் பூத்தால் அது வழிந்ததல்ல, கசிந்தது.

திருவையாறு_கமலா

விளிம்பு சுத்தம். துணி மொறமொறப்பாகக் காய்ந்திருக்கிறது. கழுத்திலும் தோளிலும் ஒன்றுமில்லை. இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால், பூத்த இடத்தில் வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றன. ஓரிடத்தில் வெள்ளைப் பூச்சு நகக்கண் அளவுக்குச் செதிலாகக் கழன்று வந்துவிட்டது. அடியில் மண் நிறம். தொட்டால் சொரசொரப்பாக, ஈரமாக இருக்கிறது.

சூளையடி

அப்படியென்றால் சந்தேகம் தீர்ந்தது, ஜாடி கசிகிறது.

சூளையிலிருந்து வெளியே வந்து ஆறும்போது மண்ணுடம்பும் சுருங்கும், மேல் பூச்சும் சுருங்கும். இரண்டும் ஒரே அளவில் சுருங்கினால் நல்லது. பூச்சு கூடுதலாகச் சுருங்கினால் அது இழுபட்டு, மயிரிழை விரிசல்கள் வலையாக விழும். சில ஜாடிகள் வாங்கும்போது நன்றாகவே இருக்கும், மாதங்கள் கழித்து விழும். அதற்குக் காரணம் மண்ணுடம்பு சரியாக வேகாதது. வேகாத மண் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கொஞ்சம் உப்பும். மேலே இருக்கும் பூச்சு விரியாது, வெடிக்கும்.

நன்றாக வெந்த மண்ணாக இருந்தால், விரிசல் விழுந்தாலும் அது பூச்சோடு நின்றுவிடும். அழுக்கு ஏறும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் தண்ணீர் வெளியே வராது. உங்களுடையது உடம்பு வழியாக வெளியே வருகிறது. வந்த உப்புத் தண்ணீரில் தண்ணீர் காற்றில் போய்விட, உப்பு அங்கேயே படிகமாகிறது. பூச்சுக்கு அடியிலேயே படிகம் வளர்ந்தால் பூச்சைத் தூக்கி எறியும். நீங்கள் பார்த்த செதில் அதுதான். உப்பு பீங்கானைக் கரைக்கவில்லை, அரிக்கவில்லை. உள்ளே நுழைய வழி கிடைத்ததும் நெம்பித் தள்ளுகிறது. இது நிற்காது, போகப் போகக் கூடும்.

ஒரு சோதனை சொல்கிறேன். வடுவை முதலில் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஜாடியை நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்து உப்பை இறக்கி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் முழுக்க ஒரு நாள் அமிழ்த்தி, எடுத்துத் துடைத்து, மறுபடியும் எடை போடுங்கள். கூடிய எடைதான் மண் குடித்த தண்ணீர். ஊறுகாய்க்கு உகந்த, நன்றாக வெந்த ஜாடி தன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் குடிக்கக் கூடாது.

எடை பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள், கடையிலேயே ஜாடியைக் கவிழ்த்து, அடியில் பூச்சு இல்லாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு சொட்டாகவே நின்றால் வாங்கலாம். வைத்ததும் மறைந்து ஈரக்கறை படர்ந்தால் அதில் பூச்செடி வைக்கலாம்.

ஆவடி_கணேஷ்

நல்ல விவாதம். என் பிரச்சினையும் இதேதான். எலுமிச்சை ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். உள்ளே கடுகு அளவில் கறுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன, ஒரு புள்ளி வழியாக எண்ணெய் கசிகிறது. இதற்கும் சூளையில் சரியாக வேகாததுதான் காரணமா?

தேனி_ஊறுகாய்க்கடை

தம்பி, எவர்சில்வருக்குச் சூளை ஏது? உங்கள் டப்பாவில் நடந்தது வேறு. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத படலத்தால். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். புளிப்பு கூட இருந்தால் துளை வேகமாக ஆழப் போகும். சுற்றிலும் பளபளவென்று இருக்கும், ஒரு புள்ளியில் மட்டும் ஓட்டை விழும். மலிவான ரகத்தில் சீக்கிரம் விழும், நல்ல ரகத்தில் தாமதமாக விழும். பரிமாற எடுத்து வைக்கலாம், மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. அந்த டப்பாவை விட்டுவிடுங்கள்.

கமலா அக்கா பிளாஸ்டிக் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். சிறிய அளவில் ஊறுகாய் போட்டு விற்பவன் நான். சீசனில் மாங்காய்த் துண்டுகளை உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பது எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் டிரம்களில்தான். தொழிலில் பெரும்பாலோர் அப்படித்தான். உப்புத் தண்ணீரும் மாங்காய்ப் புளிப்பும் அந்த டிரம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் டிரம் புதிதாக, உணவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ரசாயனம் வந்து காலியான நீல டிரம்மைக் கழுவி விற்பார்கள். எவ்வளவு கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது.

வேதியியல்_வாத்தியார்

மேலே சொன்னது ஆபத்தான அறிவுரை. அமிலம் எதையும் அரிக்கும். ஊறுகாயின் அமிலத்தன்மை பிளாஸ்டிக்கைக் கரைத்து, அதிலுள்ள ரசாயனங்களை வெளியே இழுக்கும். பள்ளி ஆய்வகத்தில் அமிலங்களை ஏன் கண்ணாடிப் புட்டியில் வைக்கிறோம்? கண்ணாடி ஒன்றே அமிலத்துக்கு அசையாதது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

தேனி_ஊறுகாய்க்கடை

ஐயா, கண்ணாடி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே ஆய்வகத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் புட்டியில்தான் வைப்பார்கள், அது கண்ணாடியைத் தின்றுவிடும் என்பதால். வீட்டு வினிகரும் கடையில் பிளாஸ்டிக் புட்டியில்தானே வருகிறது? எலுமிச்சையின் புளிப்பும் மாங்காயின் புளிப்பும் எச்டிபிஇ, பிபி, பெட் என்ற எந்த வகைப் பிளாஸ்டிக்கையும் கரைப்பதில்லை.

பிளாஸ்டிக்கின் பகை உப்பும் அல்ல, புளிப்பும் அல்ல. எண்ணெய், சூடு, வாசனை என்ற மூன்றும்தான். என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தாளித்த நல்லெண்ணெயைச் சூடு ஆறுவதற்கு முன்பே பெட் ஜாடியில் ஊற்றிவிட்டார். ஜாடி நின்ற இடத்திலேயே இடுப்பு ஒடிந்து சுருங்கிவிட்டது. பெட் 70 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். தாளித்த எண்ணெய் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். பிபி டப்பா பெட்டைவிடச் சூடு தாங்கும், ஆனால் சூடான எண்ணெய்தான் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாததை இழுத்துவரும், புளிப்பு அல்ல. அதனால் கையில் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே நாங்கள் நிரப்புகிறோம்.

வாசனைக்கு எலுமிச்சைதான் உதாரணம். அதன் தோலில் உள்ள எண்ணெய் பாலித்தீனுக்குள்ளும் பிபிக்குள்ளும் ஊறிவிடும். டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் எலுமிச்சை வாசம் போகாது. டப்பாவுக்குப் போன வாசம் ஊறுகாயில் குறைந்திருக்கும். மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் எண்ணெயோடு ஏறிக் கறை பிடிப்பதும் அப்படித்தான். இவை தவிர, பிபியும் எச்டிபிஇயும் மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விடும். நீண்ட நாள் வைத்தால் டப்பாவின் சுவரை ஒட்டிய பகுதி முதலில் கறுக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பெட் இந்த விஷயத்தில் மேல். கடை ஊறுகாய் பெரும்பாலும் அதில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருவையாறு_கமலா

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறது. அதுதானே ஃபுட் கிரேடு என்பதற்கு அடையாளம்?

தேனி_ஊறுகாய்க்கடை

இல்லை அக்கா. அந்த எண் அது என்ன பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்லும். 1 பெட், 2 எச்டிபிஇ, 5 பிபி. அதே பிபியில் பினாயில் வாளியும் செய்வார்கள், மறுசுழற்சி செய்த சரக்கிலும் செய்வார்கள், எண் 5 என்றே இருக்கும். கண்ணாடிக் குவளையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். தொழில் நடத்துகிறவர்கள் சப்ளை செய்பவரிடம் ஐ.எஸ். 9845 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி செய்த சோதனை அறிக்கை கேட்டு வாங்க வேண்டும். அதில் பிளாஸ்டிக்கை மூன்று சதவீத அசிட்டிக் அமிலத்திலும், எண்ணெய்க்குப் பதிலாக வேறொரு திரவத்திலும் ஊறவைத்து, கிலோ உணவுக்கு மொத்தம் 60 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் கரைந்து வரவில்லையா என்று பார்ப்பார்கள். வாத்தியார் ஐயாவின் கவலைக்கு அங்கே பதில் இருக்கிறது.

வேதியியல்_வாத்தியார்

60 மில்லிகிராம் வரை வரலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. என் வீட்டில் அந்த 60ம் வேண்டாம் என்பதே என் வாதம்.

ஸ்கார்பரோ_வசந்தி

யாழ்ப்பாணத்து முறையில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை ஊறுகாய் போடுகிறவள் நான். உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டு, மறுபடியும் அதே சாற்றில் போடுவது. இங்கே கனடாவில் வெயிலுக்கு எங்கே போவது, அதைப் பற்றி வேறு இழை போட வேண்டும். எல்லாமே கண்ணாடிப் போத்தலில்தான். கண்ணாடி என்றதும் பிரச்சினை முடிந்தது என்று வாத்தியார் ஐயா நினைக்கிறார். போத்தல் அப்படியே இருக்கும், போவது மூடி.

போன முறை ஒரு போத்தலை ஆறேழு மாதம் கழித்துத் திறந்தேன். மூடியின் உட்புறம் பொன்னிறப் பூச்சு. திருகும்போது கரண்டி பட்டோ என்னவோ ஒரு கீறல் விழுந்திருந்தது. அந்தக் கீறலைச் சுற்றி மட்டும் பூச்சு கொப்புளமாக எழும்பி, நடுவில் பழுப்பாக, அழுத்தினால் நொறுங்கியது. கீழே ஊறுகாயின் மேல் துருத்தூள் விழுந்து கிடந்தது. ஊறுகாய் மூடியைத் தொடவே இல்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தேன். புளிப்பு ஆவியும், போத்தலைக் குலுக்கும்போது தெறித்த உப்புச் சாறும் போதுமாக இருந்திருக்கிறது. இன்னொன்று, அந்த மாதிரி மூடியில் உள்ளே வெள்ளை மெத்தை வளையம் ஒன்று ஒட்டியிருக்கும். எண்ணெய் ஊறுகாய் அதில் முட்டிக்கொண்டு நின்றால் வளையம் கொழகொழத்துவிடுகிறது.

இப்போது நான் தகர மூடியை எறிந்துவிட்டு, அதே வாய்க்குப் பிளாஸ்டிக் திருகுமூடி தனியாக வாங்கிப் போடுகிறேன். இங்கே போத்தல்களுக்குப் பெரும்பாலும் 70, 86 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுதான், எளிதில் கிடைக்கிறது.

தேனி_ஊறுகாய்க்கடை

வசந்தி அக்கா சொன்ன வளையம் முக்கியமான விஷயம். அதை மென்மையாக வைத்திருப்பதற்குச் சேர்க்கும் பொருள் எண்ணெயில் இறங்கும். தண்ணீரில், வெறும் உப்பில் அவ்வளவாக இறங்காது. வாத்தியார் ஐயா வீட்டுக் கண்ணாடி ஜாடியின் மூடியை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தால் நன்று.

திருவையாறு_கமலா

சோதனை செய்தாயிற்று. வடுவை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் தற்காலிகமாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பீங்கான் ஜாடியை உப்பிறக்கிக் காயவைத்து எடை பார்த்தால் 4 கிலோ 180 கிராம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துத் துடைத்த பிறகு 4 கிலோ 510. அதாவது 330 கிராம் குடித்திருக்கிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் வருகிறது. அடி வளையத்தில் வைத்த சொட்டும் நிற்கவில்லை.

சூளையடி

எட்டு என்பது மிக அதிகம். அதுவும் பெரும்பகுதிக்குப் பூச்சு இருக்கும்போதே இவ்வளவு. உடைந்த துண்டாக ஊறவைத்தால் இன்னும் கூடும். பூந்தொட்டிக்குச் சுடும் வெப்பத்தில் சுட்டு, ஊறுகாய் ஜாடியின் வேஷம் போட்டிருக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. கசிவு என்பது தண்ணீர் குறையும் தொல்லை, அவ்வளவுதான். அந்தக் குறைந்த வெப்பம்தான் எனக்கு உறுத்துகிறது. மேல்பூச்சு என்பது உருகிய கண்ணாடி. 1200 டிகிரியில் அது தானாக உருகும், உருக்க ஈயம் தேவையில்லை. ஆயிரம் டிகிரி அளவில் உருக வேண்டுமென்றால் உருக்கித் தரும் பொருள் ஏதாவது சேர்க்க வேண்டும். போரான் சேர்த்தும் செய்யலாம், நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் அப்படிச் செய்கிறார்கள். ஈயம் சேர்த்தும் செய்யலாம்; அதில் மினுமினுப்பு அருமையாக வரும். ஈயப் பூச்சில் தண்ணீர் வைத்தால் பெரிதாக எதுவும் நடக்காது. புளிப்பை வைத்தால்தான் ஈயம் கரைந்து வரும். ஊறுகாயைப் போல மாதக்கணக்கில் புளிப்பைப் பிடித்து வைத்திருக்கும் உணவு வேறு எது?

உங்கள் ஜாடியில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லக்கூடிய காரணம் ஒன்று போய்விட்டது, அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு பார்வை பார்க்கலாம். உள்பக்கம் வெள்ளை வினிகரை ஊற்றி ஒரு நாள் வைத்து, கொட்டிக் கழுவி, வினிகர் நின்ற கோட்டுக்கு மேலும் கீழும் பளபளப்பை ஒப்பிடுங்கள். கோட்டுக்குக் கீழே மங்கியிருந்தால் அந்தப் பூச்சு புளிப்பைத் தாங்காது, மேற்கொண்டு பேச்சே இல்லை. மங்காவிட்டால் நல்லது என்று அர்த்தமல்ல. மங்காமலும் ஈயம் வரலாம். சோதனைக்கூடத்தில் நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் வைத்து, அந்த அமிலத்தில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அளப்பார்கள். அதுதான் உறுதியான பதில்.

திருவையாறு_கமலா

அப்படியானால் ஏற்கெனவே அதில் ஊறிய வடுவைச் சாப்பிடலாமா? இரண்டு கிலோவையும் கொட்ட மனம் வரவில்லை.

சூளையடி

என் வீடாக இருந்தால், சோதனை முடிவு வரும் வரை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க மாட்டேன். சோதனை செய்யப்போவதில்லை என்றால் கொட்டிவிடுவேன். ஈயம் வாசனையோ கசப்போ காட்டாது, சமைத்தாலும் போகாது.

பெரியகுளம்_சுந்தரம்

இது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஒரு ஜாடி கசிந்ததற்காக நாட்டிலுள்ள ஜாடியையெல்லாம் விஷம் என்கிறீர்கள். கசியும் ஜாடிக்கு எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சுவோம். ஜாடி நிறையப் பாலை ஊற்றி மெல்லச் சூடாக்கி ஆறவிட்டால், விரிசல் அடைந்துவிடும். பிறகு பத்து வருடம் ஓடும். ஜாடியில் ஊறிய மாவடுவின் ருசி கண்ணாடியில் ஒருநாளும் வராது. இதற்கும் ஏதாவது சோதனை வைத்திருக்கிறீர்களா?

சூளையடி

நாட்டிலுள்ள ஜாடியையெல்லாம் நான் சொல்லவில்லை ஐயா, எட்டு சதவீதம் குடித்த ஒரு ஜாடியைச் சொன்னேன். உங்கள் மூன்று தலைமுறை ஜாடி சொட்டு வைத்தால் நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அது நல்ல சூளையில் பிறந்தது.

பால் காய்ச்சுவது பீங்கான் கோப்பைக்கும் தட்டுக்கும் செய்வதுதான். பாலின் புரதம் விரிசலில் படிந்து அடைக்கும், உண்மை. ஆனால் அது விரிசலுக்குள் இருக்கும் உணவு. அங்கேயே கெடும். புளிப்பும் உப்பும் மாதக்கணக்கில் நின்றால் நெகிழ்ந்துபோகும். ஈயம் இருந்தால் அதைத் தடுக்காது. வெளிப்புறத்தில் பசை பூசுவதும் வீண்; உப்பு பசைக்கு அடியில் படிகமாகி அதையும் தூக்கிவிடும்.

ருசி பற்றி எனக்கும் உங்களைப் போலவே ஒரு நினைப்பு உண்டு. கனத்த சுவர், வெளிச்சம் புகாது, பகலிலும் இரவிலும் சூடு அவ்வளவாக ஏறி இறங்காது. இது ருசியில் தெரியுமா என்று கேட்டால், ஒரே வடுவை இரண்டிலும் போட்டுக் கண்ணைக் கட்டிச் சாப்பிட்டுப் பார்த்தவர் யாராவது சொல்ல வேண்டும்.

ஸ்கார்பரோ_வசந்தி

வெளிச்சம் என்பதில் எனக்கு உடன்பாடு. ஜன்னலோரம் வைத்த போத்தலில் வெளிச்சம் படும் பக்கத்து மிளகாய்ச் சிவப்பு வெளிறிப் போகிறது, அலமாரிக்குள் இருந்ததில் அப்படியே இருக்கிறது. காகிதம் சுற்றி வைத்தாலே போதும். ஆனால் கண்ணாடிக்கு இன்னொரு பயம் உண்டு, திடீர்ச் சூடு. குளிர்ந்த போத்தலில் காய்ச்சிய உப்புத் தண்ணீரைச் சூடாக ஊற்றினேன், அடி வட்டமாகக் கழன்று கையில் மேல்பாதி மட்டும் வந்தது.

தேனி_ஊறுகாய்க்கடை

கமலா அக்கா, இனி போடும் மாவடுவுக்கு என் யோசனையைச் சொல்கிறேன்.

மாவடு எண்ணெய் ஊறுகாய் அல்ல. விளக்கெண்ணெய் தோலில் பூசும் அளவுதான். மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர். அதனால் பிளாஸ்டிக்கின் பெரிய பகை இதில் இல்லை. உணவுக்கென்று செய்த புது எச்டிபிஇ அல்லது பெட் ஜாடியில் ஒரு வருடம் வைத்தால் கெடாது. மாடியில் வெயிலில் வைக்காதீர்கள், ஆவக்காய்க்கும் எலுமிச்சைக்கும் அதே டப்பாவைத் திருப்பாதீர்கள். வீட்டில் இரண்டு கிலோதான் போடுகிறீர்கள் என்றால் நான் கண்ணாடியையே எடுப்பேன். காரணம் ரசாயனம் அல்ல, கண். தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது, வடு தலைகாட்டுகிறதா, மேலே படலம் கட்டுகிறதா என்று மூடியைத் திறக்காமலே தெரியும். உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும் வடுவில்தான் பூசணம் முதலில் பிடிக்கும். பீங்கானில் அதை நீங்கள் தாமதமாகத்தான் பார்த்தீர்கள்.

இரண்டு கிலோவுக்கு நான்கு லிட்டர் ஜாடி ஒன்று வாங்குவதைவிட, கை நுழையும் வாயுள்ள இரண்டு லிட்டர் ஜாடிகள் இரண்டு வாங்குங்கள். தினமும் குலுக்கிவிட வேண்டிய ஊறுகாய் இது. நான்கு லிட்டர் கண்ணாடியை ஈரக்கையோடு தூக்கிக் குலுக்க முடியாது. மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தகர மூடிதான் கிடைத்தது என்றால், ஊறும் வரை வேடு கட்டி மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்தாலும் போதும். குறைந்த தண்ணீருக்கு ஈடு செய்ய, லிட்டருக்கு 150 கிராம் உப்பு போட்டுக் காய்ச்சி, முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

ஆவடி_கணேஷ்

எல்லாம் புரிந்தது. ஆனால் ஓட்டை விழுந்த டப்பாவில் இருந்த எலுமிச்சை ஊறுகாயைச் சாப்பிடலாமா என்று யாருமே சொல்லவில்லையே?

தேனி_ஊறுகாய்க்கடை

புள்ளி விழுந்த பக்கத்தில் உலோகச் சுவை தெரிகிறதா? கறுத்திருக்கிறதா? எவர்சில்வரில் நிக்கலும் குரோமியமும் உண்டு. ஓட்டை விழும் அளவுக்கு அரித்திருந்தால் அந்த உலோகம் ஊறுகாயில்தான் இருக்கிறது. நான் கொட்டச் சொல்வேன்.

திருவையாறு_கமலா

வினிகர் ஊற்றி வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே லேசாக மங்கியிருப்பது போல எனக்குத் தெரிகிறது. கணவர் இல்லை என்கிறார், மகள் ஆமாம் என்கிறாள். சோதனைக்கூடத்தில் விசாரிக்கப் போகிறேன். தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்தில் பீங்கான் பாத்திரத்தில் ஈயம் பார்த்துத் தரும் இடம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். முழு ஜாடியையும் கொடுக்க வேண்டுமா, அல்லது வினிகரை மட்டும் புட்டியில் எடுத்துப் போனால் போதுமா?

சூளையடி

ஜாடியையே கொண்டு போங்கள். எவ்வளவு அமிலம், எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தால்தான் அளவுக்கு மதிப்பு. நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை வினிகர் வைத்து எடுத்துவிட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் ஊறலில்தான் அதிகம் வெளியே வரும். இரண்டாவதில் குறைவாகக் காட்டலாம்.